சோதனைக்கு இருபத்திரண்டு மார்க்

நான் மார்க் போட்டதில் ஒரு மனிதருக்குக் கை போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சுற்றி வளைத்துச் சொல்வதற்குத்தான் எனக்கு நாற்பது வருடமாக நல்ல பழக்கம். இந்த ஒரு தடவை நேராகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நெய்வேலியில் ஒரு தனியார் காண்டிராக்ட் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி இப்போது இல்லை. சுரங்கத்தின் பெரிய இயந்திரங்களோடு எங்களுக்குச் சம்பந்தம் கிடையாது. வெளியே மலைபோலக் குவித்திருந்த களிமண்ணில் ஒரு பகுதியை அள்ளி, இருநூறு கஜ நீளமுள்ள ஒரு பெல்ட்டில் ஏற்றி, மறுமுனையில் லாரிகளில் கொட்ட வேண்டும். லாரிகள் அதைப் பள்ளமான இடங்களில் நிரப்பும். டவுன்ஷிப்பில் தினமும் ஒரு பிளாக் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மேடு பள்ளமெல்லாம் சமமாக வேண்டியிருந்தது. நான் அந்தப் பெல்ட்டுக்குப் பொறுப்பான இன்ஜினீயர். மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தேன், சொந்த ஊர் மதுரைப் பக்கம்.

அந்தக் களிமண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது மண் இல்லை, பசை. முனையிலுள்ள பெரிய உருளையில் பெல்ட் திரும்பும்போது மண் முழுவதும் லாரியில் விழுந்துவிட வேண்டும். விழாது. ஒரு பங்கு பெல்ட்டிலேயே ஒட்டிக்கொண்டு கீழ்ப்பக்கமாகத் திரும்பி வரும். வரும் வழியில் சின்ன உருளைகளில் அப்பும், தரையில் குவியும், பெல்ட்டை ஒரு பக்கமாக இழுக்கும். அதைச் சுரண்ட ஓர் ஆள் போட்டிருந்தோம். பெல்ட்டுக்கு அடியில் குனிந்து, நீளக் கம்பு போட்ட மண்வெட்டியால் எட்டு மணி நேரம் அவர் சுரண்ட வேண்டும். பெல்ட்டை நிறுத்திவிட்டுச் சுரண்டலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். லாரி நின்றால் எங்கள் மேனேஜர் அறையிலிருந்து கிளம்பி வருவார். அவர் வந்தால் அன்றைய சோறு இறங்காது.

அந்த ஆளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் உழுதுகொண்டிருந்த நிலம் சுரங்கத்துக்குப் போனது. நிலம் அவருடையதல்ல, அதனால் நஷ்ட ஈடும் அவருக்கு இல்லை. காண்டிராக்டில் கூலியாக வந்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக வேலை செய்தால் எங்காவது பெர்மனன்ட் ஆகிவிடலாம் என்று நம்பினார். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவருக்கு இரண்டு விரல் போயிருந்தது. அதைப் பற்றி நான் ஒரு முறை கேட்டபோது சிரித்துக்கொண்டே, “பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும், நாம பாத்துக்கினே இருக்கணும், அவ்ளோதாங்க” என்றார்.

மார்ச் மாதம் ஒரு மாணவன் வந்தான். வடலூர்ப் பையன், வேறு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். அந்தக் கல்லூரிக்கு வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பேராசிரியர் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார். ஒவ்வொரு மாணவனும் உண்மையான வேலையிடத்துக்குப் போய், அங்கே உள்ள ஒரு தொந்தரவுக்கு ஒரு கருவியைத் தன் கையால் செய்து, ஓட்டிக் காட்ட வேண்டும். வேலையிடத்து இன்ஜினீயர் ஒருவரும் பேராசிரியரும் தனித்தனியாக மார்க் போடுவார்கள். அதற்கு டைப் அடித்த ஒரு தாள் வைத்திருந்தார். நான்கு பத்தி, பத்திக்கு இருபத்தைந்து. கருவி பிரச்சினைக்குப் பொருந்துகிறதா. சோதித்ததற்குச் சான்று உண்டா. சோதனையில் தெரிந்ததை வைத்துத் திருத்தித் திருத்திச் செய்தானா. செலவை உணர்ந்திருக்கிறானா. நாங்கள் படித்த காலத்தில் இதெல்லாம் கிடையாது. வாத்தியார் முகத்தைப் பார்ப்பார், நோட்டின் அட்டையைப் பார்ப்பார், ஒரு எண்ணைப் போடுவார்.

பையன் முதல் வாரம் முழுவதும் பெல்ட்டுக்கு அடியிலேயே கிடந்தான். பேசவே இல்லை. இவன் எதற்கு ஆவான் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் வந்து, மண்ணை இங்கே கீழே சுரண்டுவதே தப்பு சார், முனை உருளையிலேயே சுரண்டிவிட்டால் அது லாரியிலேயே விழுந்துவிடும், இவர் அடியில் குனியவே வேண்டாம் என்றான். சரியான பேச்சு. எனக்கு இரண்டு வருடமாகத் தோன்றாதது. அதனால் கொஞ்சம் எரிச்சலும் வந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

முதலில் பழைய லாரியின் வில்பட்டையைத் தீட்டி உருளைக்குக் கீழே பொருத்தினான். மண் அழகாக வழித்துக்கொண்டு வந்தது. பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இரும்புக் கொக்கிகளால் இணைத்திருப்போம். அந்த இணைப்பு சுற்றி வந்ததும் பட்டை அதில் மாட்டிக் கொக்கிகளைப் பிய்த்துவிட்டது. அன்றைக்கு அரை நாள் பெல்ட் நின்றது. மேனேஜர் வந்தார், எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்து, கழித்துப் போட்ட பெல்ட்டிலிருந்து ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி இரும்புக்குப் பதிலாக வைத்தான். இணைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நான்கு நாளில் ரப்பர் தேய்ந்து, பெல்ட்டுக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. மூன்றாவதாக அந்த ரப்பரை ஒரு நெம்புகோலில் மாட்டி, மறுமுனையில் ஒரு வாளியில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டான். தேயத் தேய அதுவே மேலே ஏறிப் பெல்ட்டை அழுத்தும். கூலியாட்கள் அதற்குச் சுரண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவன் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பெல்ட்டுக்கு அடியில் பத்து கஜ தூரத்துக்குச் சாக்கை விரித்து, அரை மணி நேரத்தில் அதில் விழும் மண்ணை இரும்புச் சட்டியில் அள்ளித் தராசில் நிறுப்பான். சுரண்டி இல்லாமல் ஒரு முறை, மாட்டி ஒரு முறை. காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று. இல்லாதபோது நாற்பது கிலோ, மாட்டினால் ஆறு. அடியில் சுரண்டிய அந்தக் கூலிக்காரர்தான் அவனுக்குச் சாக்கு விரித்து மண் அள்ளிக் கொடுத்தார். தம்பி, தம்பி என்று அவனோடேயே சுற்றினார். சுரண்டி வந்தால் தனக்கு வேலை போய்விடுமே என்று அவர் பயந்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டுமே, அது நிமிர்ந்து நின்று செய்கிற வேலை என்று பையன் அவரிடம் சொல்லியிருந்தான்.

மே மாதக் கடைசியில் இரண்டு நாள் கோடை மழை கொட்டியது. நாங்கள் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். பெல்ட் மட்டும் ஓடியது. பையன் நனைந்துகொண்டே சுரண்டியின் பக்கத்தில் நின்றான். மறுநாள் தன் ரஃப் நோட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டினான். மண்ணும் கிரீஸும் ஒட்டி, பென்சிலிலும் பேனாவிலும் கிறுக்கி, அடித்துத் திருத்திய நோட்டு அது. அதில் இப்படி இருந்தது. மழையில் சுரண்டிய மண் கீழே விழாமல் சுரண்டிக்கும், லாரிக்கு மண்ணை வழியவிடும் தகரச் சரிவுக்கும் நடுவே அடைகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கம்பியால் குத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. குத்துகிற ஆளின் கை, முன்பு அடியில் சுரண்டியபோது இருந்ததைவிட முனை உருளைக்கு மிக அருகே போகிறது. மழைக்காலத்தில் சுரண்டியைக் கழற்றி வைக்க வேண்டும். அதற்குக் கீழே நான்காவது வடிவம் ஒன்று பாதி வரைந்திருந்தான். சுரண்டியை உருளையிலிருந்து தள்ளி வைத்து, நடுவே கம்பி வலை அடிப்பது. அதைச் செய்து பார்க்க அவனுக்கு நாள் இல்லை. பேராசிரியர் அடுத்த வாரம் வருகிறார்.

இங்கேதான் என் காரியம் ஆரம்பம். இதை ஃபேர் நோட்டில் எழுதிவிடு என்றேன். இது எங்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஊறிப்போனது. ரஃப் நோட்டு நமக்கு, ஃபேர் நோட்டு வாத்தியாருக்கு. ரஃப்பில் தப்பு இருக்கலாம், ஃபேரில் இருக்கக் கூடாது. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு தடவை சரியாக வராத சோதனையை அப்படியே ஃபேரில் எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் மூஞ்சியில் விட்டெறிந்தார். சரியாக வந்த பிறகு எழுது என்றார். அதிலிருந்து நான் தப்பை எழுதியதே இல்லை. நல்ல மார்க் வாங்கினேன்.

பையன் கேட்டான். “இந்த மழை விஷயத்தையும் எழுதணுமா சார்?”

“அது முடியாத விஷயம்தானே. முடிஞ்சதை மட்டும் எழுது” என்றேன்.

“கழட்டி வைக்கணும்னு ஒரு வரியாவது...”

“நான் இங்கயேதான இருக்கேன். மழை வந்தா நான் கழட்டிட மாட்டேனா?”

 அவன் ரஃப் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் அதை டிராயரில் போட்டேன். அன்பாகச் செய்த காரியம் என்றுதான் நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜருக்கு இந்தச் சுரண்டிமேல் நம்பிக்கை இல்லை. பெல்ட் இணைப்பு பிய்ந்த நாளை அவர் மறக்கவில்லை. கல்லூரித் தாளில் சோதனைப் பத்தியின் சராசரி இருபதுக்குக் குறைந்தால், பையன் போன மறுநாள் அந்த இரும்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அந்தச் சுரண்டி என் பெல்ட்டில் இருக்க வேண்டும். லாரி நிற்கக் கூடாது, இன்னொரு விரல் போகக் கூடாது. இரண்டில் எது எனக்குப் பெரிதாக இருந்தது என்று இப்போது கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பேராசிரியர் ரயிலில் வந்து, விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் அதிகம். வெயிலில் இரண்டு மணி நேரம் சுரண்டியின் பக்கத்தில் நின்று பார்த்தார். கூலிக்காரரிடம் பேசினார். என்ன பேசினார்களோ தெரியாது, அப்போது நான் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து ஃபேர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பையனின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரே மை, ஓர் அடித்தல் கிடையாது.

நாங்கள் தனித்தனியாக மார்க் போட்டுத் தாளைத் திருப்பினோம். பொருத்தத்துக்கு நான் இருபத்திரண்டு, அவர் இருபது. திருத்தத்துக்கு இருவருமே இருபது. இரும்பு, ரப்பர், நெம்புகோல் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய சோதனையில் காரணம் இருப்பதைப் பாராட்டினார். செலவுக்கு நான் பதினெட்டு, அவர் பதினேழு. பழைய பெல்ட் துண்டுக்கு விலை இல்லை என்று பையன் எழுதியிருந்தான். கழித்துப் போட்டதற்கும் விலை உண்டு, செருப்புத் தைக்கிறவர் காசு கொடுத்துத்தானே வாங்கிப் போகிறார் என்றார். ரப்பரைப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று எழுதியவன், மாற்றும்போது பெல்ட் நிற்கிற நேரத்தைச் செலவில் சேர்க்கவில்லை என்றும் சொன்னார். எல்லாம் நியாயம்தான்.

சோதனைக்கு நான் இருபத்து மூன்று போட்டிருந்தேன். அவர் பதினைந்து. ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய தாளிலேயே இருந்த விதி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பத்தொன்பது. மேனேஜர் கேட்டது இருபது. நான் கணக்குப் பார்த்தேன், ஒன்று குறைந்தது.

பையன் எங்களுக்கு எதிரே நின்றான். பேராசிரியர் மெதுவாகப் பேசுகிறவர். நோட்டில் இருக்கிற ஆறு சோதனையும் காய்ந்த நாளில் செய்தவை, மழையில் இந்த மண் வேறு பொருள், அதில் என்ன ஆகும் என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டு, இது கோடைதானே சார் என்றேன். ரஃப் நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். பையன் மறுபடி என்னைப் பார்த்தான். அது சேறும் கிரீஸுமாகக் கையில் எடுக்க முடியாமல் கிடக்கிறது சார் என்றேன். இரண்டும் பொய் இல்லை. பல வருடம் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். “இதுல தோத்த சோதனை கடைசியில ஒண்ணுகூட இல்லை. மூணாவது வடிவம் எங்கேயுமே தோக்கல. அதான் எனக்கு நம்பிக்கை வரல. எந்த நிலைமையில இது வேலை செய்யாதுன்னு ஒரு பக்கம் எழுதியிருந்தா, நான் இருபத்தி நாலு போட்டிருப்பேன்.”

மூன்று அடி தூரத்தில் டிராயர். சாவி என் பையில். எழுந்து, திறந்து, அந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்திருந்தால் பையனுக்கு மார்க் ஏறியிருக்கும், மழைக்குக் கழற்ற வேண்டும் என்பது தாளிலும் ஏறியிருக்கும். ஆனால் மறைக்கச் சொன்னவன் யார் என்று கேள்வி வரும். ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் கையில் எடுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறேன். நான் எழவில்லை. அதற்குப் பதிலாக வாய் பேசியது. இரண்டு மாதமாக என் கண் முன்னால் ஓடுகிறது சார், பெல்ட் என்னுடையது, நான் சொல்கிறேன், ஓடும் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடத்தில் இருக்கிறவர் நீங்கள், உங்கள் பேச்சையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பதினைந்தை அடித்து இருபத்தொன்று என்று எழுதினார். சராசரி இருபத்திரண்டு. மொத்தம் எண்பதரை. தாளின் அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பையன் முதல் வகுப்பில் தேறி, வடக்கே எங்கோ வேலைக்குப் போனான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். மழை வந்தா கழட்ட மறந்துடாதீங்க சார் என்றான். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. மறப்பேனா என்றேன். மேனேஜர் மார்க் தாளைப் பார்த்துவிட்டுச் சுரண்டியை நிரந்தரமாக வெல்டிங் வைக்கச் சொன்னார். நான் வெல்டிங் வேண்டாம், போல்ட் போதும் என்றேன். அந்த அளவுக்கு எனக்கு நினைவிருந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சுரண்டி பிரமாதமாக வேலை செய்தது. இடையில் பெய்த சாயங்கால மழைகளில் நானே நின்று இரண்டு போல்ட்டைக் கழற்றி அதைக் கீழே இறக்கினேன். யாருக்கும் ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் இது மழைக்கு ஆகாதா, அப்போது ஏன் எழுதவில்லை என்று மேனேஜர் கேட்பார். சும்மா, ரப்பர் பார்க்கிறேன் என்றேன். கூலிக்காரர் நிமிர்ந்து நின்று வேலை பார்த்தார். முதுகு வலி போய்விட்டது என்று ஒரு நாள் சொன்னார்.

தீபாவளிக்கு நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கல்யாணமாகி எனக்கு அது இரண்டாவது தீபாவளி. மாமனார் வீட்டில் இலை நிறையச் சாப்பாடு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. திண்டுக்கல்லில் மழை, திருச்சியில் மழை என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு கணம் சுரண்டி நினைவு வந்தது. தந்தி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். தந்தியில் என்னவென்று எழுதுவது, மேனேஜர் என்ன நினைப்பார் என்று யோசிப்பதற்குள் பலகாரத் தட்டு வந்துவிட்டது. அங்கே அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான், அந்த ஆள் லீவில் இருந்தான். எழுதி வைப்பது எதற்கு என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது.

நான் திரும்பி வந்தபோது பெல்ட் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் காலை ஷிப்டில் மண் அடைத்திருக்கிறது. லாரிகள் வரிசையில். அவர் கம்பியை எடுத்துக் குத்தியிருக்கிறார். ஒரு முறை, இரண்டு முறை, பல முறை. ஒரு தடவை கம்பி மண்ணோடு சேர்ந்து உருளைக்குள் இழுபட்டது. கம்பியை விட அவருக்கு நேரம் இருக்கவில்லை. இன்னொரு ஆள் ஓடிப் போய் நிறுத்தும் கயிற்றை இழுத்தான். இழுத்த பிறகும் அவ்வளவு மண்ணைச் சுமந்த பெல்ட் சில அடிகள் ஓடித்தான் நிற்கும். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சுரண்டி பற்றிய காகிதங்களைக் கேட்டார்கள். நான் ஃபேர் நோட்டையும் மார்க் தாளின் நகலையும் கொடுத்தேன். சோதனைச் சான்று இருபத்திரண்டு, நல்ல கருவிதான் என்று ஒருவர் சொன்னார். இப்படி அடைக்கும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். டிராயர் பூட்டியிருந்தது. நோட்டில் இல்லையே சார் என்றேன். ஓடுகிற பெல்ட்டில் கம்பி விட்டது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கவனக்குறைவு என்பதால் கம்பெனி கொடுத்தது மிகக் கொஞ்சம். பெர்மனன்ட் என்கிற பேச்சே இல்லை. ஒற்றைக் கையோடு காண்டிராக்டில்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

நான் கோழை. இதை எழுதும்போது அந்த வார்த்தை கொஞ்சம் பெருமையாகத் தோன்றுகிறது, அவ்வளவுகூட நான் இல்லை. அன்றைக்கு எனக்குப் பயமே இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பத்து நாள் கழித்துத்தான் போனேன். அதுவரை ஏதாவது ஒரு வேலை இருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், வேண்டாம் என்றேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். லாரியெல்லாம் ஓடுதுங்களா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். வீட்டைப் பற்றிக் கேட்டேன், வூட்ல எல்லாம் இருக்காங்க என்றார். கம்பெனி தந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதைப் பற்றிப் பேசுவார், நான் ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று தயாராக வந்திருந்தேன்.

அவராகவே வேறு பேச்சை ஆரம்பித்தார். குரலில் கோபம் இல்லை, விசாரிக்கிற குரல்.

“மழையில அது அடைக்கும்னு எனக்குத் தெரியுங்க. கோடையில மழை பேஞ்சப்ப நானும் அந்தத் தம்பியும்தான நனைஞ்சிகினு நின்னோம். நான் கம்பி வுட்டுக் குத்துனப்ப தம்பிதான் என் கையப் புடிச்சிப் பின்னால இழுத்துச்சி. அண்ணே, இது ஆவாது, நான் இத எழுதி வச்சிடறேன், மழைக்காலத்துல கழட்டணும்னு எழுதறேன், பெரியவங்க படிச்சிட்டுக் கழட்டச் சொல்லுவாங்கன்னுச்சி. மழை வந்துச்சி. நடுவுல நீங்க ரப்பர் பாக்கறேன்னு எறக்குனதோட சரி, யாரும் கழட்டச் சொல்லல. சரி, ஏதோ சரி பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சிக்கினேன்.”

 அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தத் தம்பி எழுதலீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் வடக்கே இருக்கிறான், திரும்பி வரப்போவதில்லை. ஃபேர் நோட்டில் இல்லை, விசாரணையில் இல்லை, இன்னொரு இல்லை எனக்கு ஒரு பாரமே அல்ல. வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பையன் அவர் கையைப் பிடித்து இழுத்தான் என்று இப்போதுதான் கேட்டிருந்தேன்.

“எழுதியிருந்தாரு” என்றேன்.

“அப்ப யாரு சார் படிச்சது?”

“நான்தான்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமிக்கொண்டிருந்தார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையால் போர்வையை இழுத்து அந்தக் கட்டின்மேல் போட்டு மூடினார், நான் அதைப் பார்க்கக் கூடாது என்பதுபோல.

“ஷிப்டுக்கு நேரமாச்சிங்க” என்றார். “நீங்க கெளம்புங்க.”